வாடிக்கையாளர் நேர்காணல் காணொளி

ஒரு பொருளையோ சேவையையோ பயன்படுத்தியவர், கேள்விகளுக்கு விடையளித்துத் தம் அனுபவத்தைச் சொல்லும் சிறு விளம்பரப் படம்.

கேள்விகள்: கேட்பவரின் குரல் பெரும்பாலும் வெட்டப்படுவதால், பதில் தனியாகவே பொருள் தர வேண்டும். வெட் கிரைண்டர் வாங்கியவரிடம் “பிடித்திருக்கிறதா?” என்றால் “ஆமாம்” என்பதோடு முடிந்துவிடும். “இதை வாங்குவதற்கு முன் மாவரைக்க என்ன செய்தீர்கள்? இப்போது என்ன மாறியிருக்கிறது?” என்று கேட்டால் கதை வரும். கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லும்படி முன்பே கேட்டுக்கொள்வார்கள். பதிலை எழுதிக்கொடுத்தால் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்; பேசும் பொருளை மட்டும் சொல்வதே வழக்கம்.

படப்பிடிப்பு: போனை ஏரோப்ளேன் மோடில் வைத்து, ஸ்டாண்டில் பொருத்தி, பின்பக்க கேமராவால் எடுக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழ வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சில விளக்குகளின் கீழ் 30 ஃப்ரேமில் எடுத்தால் படம் மினுங்கலாம். 25 ஃப்ரேம் இதைப் பெரும்பாலும் தவிர்க்கும். மின்விசிறியை நிறுத்தி, காலர் மைக் பொருத்தி, சில நொடிகள் பதிவுசெய்து ஹெட்போனில் கேட்டால் இரைச்சல் தெரிந்துவிடும்.

ஒப்புதல்: படம் எடுக்கும் முன்பே, வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கையெழுத்து பெறுவது நல்லது. எங்கெல்லாம், எவ்வளவு காலம் வெளியிடப்படும், பேச்சு வெட்டிச் சுருக்கப்படுமா, பணம் உண்டா, ஒப்புதலை எப்படித் திரும்பப் பெறலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். “கடையின் யூடியூப் பக்கத்தில் ஓராண்டு” என்று எழுதியிருந்தால், அதே படத்தின் ஒரு காட்சியைப் பேனரில் அச்சிட அது போதாது. ஒரு பிரதி வாடிக்கையாளரிடம் இருக்கும்.