பாம் டிக் டிக்குது... கமென்ட்டேட்டர் எப்போ வாயை மூடணும்?

2018 ஜனவரி, பாஸ்டன். கவுன்டர்-ஸ்ட்ரைக் மேஜர் ஃபைனல். கடைசி மேப்பான இன்ஃபெர்னோவில் ஃபேஸ் அணி 15-11 என முன்னிலை. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு எடுத்தால் கோப்பை! கிளவுட்9 அதை விடாமல் 15-15 ஆக்கி, ரெண்டு ஓவர்டைம் ஆடி, 22-19-னு ஜெயிச்சது. இப்படியொரு மேட்ச்சை கேமே தெரியாத உங்க தங்கச்சியும் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறார்னு வெச்சுக்கோங்க. மைக் உங்க கையில. என்ன பேசுவீங்க?

முதல்ல, விளக்கம் சொல்ல வேண்டிய நேரம் ஆக்‌ஷன் நடக்கும்போது இல்லை. ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால வீரர்கள் ஆயுதம் வாங்கும் சில விநாடிகள் இருக்கே, அதுதான் உங்க கிளாஸ் ரூம். ரெண்டு விஷயம் போதும். பாம் வெச்சா 40 விநாடியில் வெடிக்கும். அதைச் செயலிழக்க வைக்க 10 விநாடி ஆகும், கிட் இருந்தா 5.

இப்போ கற்பனையா ஒரு ரவுண்டு. 15-14, முன்னிலையில இருக்கிற அணிதான் பாம் வைக்குது. ரெண்டு பக்கமும் ஒருத்தர்தான் மிச்சம்.

40: "பாம் வெச்சாச்சு!" (வேகமா, ஆனா கத்தாம.)

30: "தடுக்கிறவர்கிட்ட கிட் இல்லை. 10 விநாடி வேணும்." (இது பக்கத்து சீட் அனலிஸ்ட், நிதானமா.)

14: "தொட்டார்... விட்டுட்டார்! சத்தம் கேட்டு எதிராளி வெளியே வர்றார்... அடிச்சுட்டார்!"

இந்த இடத்துல புதுசா பார்க்கிறவங்க குழம்புவாங்க. 'எதிரணி காலி, ரவுண்டு ஏன் முடியலை?' பாம் வெச்சுட்டா ஆளைக் கொன்னா மட்டும் போதாது, அதை எடுத்தே ஆகணும். ஆனா இதை விளக்க இப்போ நேரமில்லை, ஒரே வரிதான்.

11: "பாமை எடுக்கணும். 11 விநாடி இருக்கு, 10 வேணும்!"

அப்புறம்? அமைதி. பீப் சத்தம் வேகமாகிட்டே வரும், கூட்டம் மூச்சைப் பிடிச்சிருக்கும். நீங்க குறுக்கே வந்தா அதெல்லாம் போச்சு. 'எடுத்துடுவார்'னு முன்கூட்டியே சொல்றது இன்னும் மோசம், கடைசி விநாடிக்கு வேலையே இருக்காது.

1: "எடுத்துட்டார்! 15-15!"

குரலை உச்சத்துக்குக் கொண்டுபோற இடம் இது ஒண்ணுதான். 40-லயே கத்தியிருந்தா இங்க தொண்டையில ஒண்ணும் மிச்சமிருக்காது. பிறகு நாலைந்து விநாடி கூட்டத்தோட ஆரவாரத்துக்கு விட்டுடுங்க. அது அடங்கினதும் அனலிஸ்ட் ஓவர்டைமை விளக்கலாம்: ஆறு ரவுண்டு, நாலு எடுக்கிறவங்க ஜெயிப்பாங்க, 3-3 ஆனா மறுபடியும் ஆறு. (இப்போதைய கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல 16-க்குப் பதில் 13 ரவுண்டு. ஸ்கிரிப்ட்டில் மாத்திக்கோங்க.)

எழுதினதை மொபைல்ல ரெக்கார்டு பண்ணி, கண்ணை மூடிக் கேளுங்க. ஸ்கோரும் மிச்ச விநாடியும் புரியலைன்னா வார்த்தை குறைவு. பீப் கேட்கலைன்னா, அதிகம்.