கோட்ஸின் அட்டவணையில் ஒளிந்திருந்த எதிர்மக் குறி

வளைகோட்டின் கீழுள்ள பரப்பைச் சில புள்ளிகளின் உயரங்களை மட்டும் கொண்டு கணிக்கும் வழியை ஐசக் நியூட்டன் 1711-இல் வெளியான தம் சிறுநூலில் காட்டினார். அப்புள்ளிகள் வழியே ஒரு பல்லுறுப்புக்கோவையைச் செலுத்தி, வளைகோட்டுக்குப் பதிலாக அதன் பரப்பைக் காண்பதே அவ்வழி. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராஜர் கோட்ஸ் இதனைச் சம இடைவெளிகொண்ட பதினொரு புள்ளிகள் வரை விரித்துக் கணித்தார். 1716-இல், தம் முப்பத்து மூன்றாம் வயதில், அவர் மறைந்தார். அந்தக் கணிப்பு 1722-இல்தான் அச்சேறியது.

ஒவ்வோர் உயரத்தையும் எந்த எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும் என்பதை விதி சொல்லும். அவ்வெண்ணை எடை என்பர். எட்டுப் புள்ளிகள் வரை எடைகள் யாவும் நேர்ம எண்களே. ஒன்பது புள்ளிகளில் நிலை மாறுகிறது. பொதுக் காரணியை நீக்கினால் எடைகள் 989, 5888, −928, 10496, −4540 என்று நடுப்புள்ளி வரை சென்று, பின் அதே வரிசையில் திரும்புகின்றன. பத்துப் புள்ளிகளில் எதிர்மக் குறி மறைகிறது. பதினொன்றில் மீண்டும் தோன்றி, அதன்பின் எந்த விதியையும் விட்டு நீங்குவதில்லை.

இது கணக்குப் பிழையன்று. ஒரு புள்ளியின் எடை என்பது, அப்புள்ளியில் 1 என்றும் ஏனைய புள்ளிகளில் 0 என்றும் மதிப்புப் பெறும் பல்லுறுப்புக்கோவையின் பரப்பாகும். ஒன்பது புள்ளிகளை 0 முதல் 8 வரை எண்ணிட்டு, நடுவிலுள்ள 4-க்குரிய கோவையை நோக்குவோம். அது 4-இல் 1 என உயர்கிறது; மற்ற எட்டு எண்களிலும் சுழியைத் தொட்டாக வேண்டும். சுழிகளுக்கு இடையே அது அலைகிறது. நடுப்பகுதியில் இருபுறமும் புள்ளிகள் அணுக்கமாக இருப்பதால் அலை அடங்கியிருக்கிறது. ஓரத்திலோ ஒரு பக்கத்துப் புள்ளிகள் வெகு தொலைவில் உள்ளன. அத்தொலைவுகள் பெருக்கலில் சேர்ந்து அலையை ஓங்கச் செய்கின்றன. 0-க்கும் 1-க்கும் நடுவே அக்கோவையின் மதிப்பு ஏறத்தாழ −1.96. மறு ஓரத்திலும் அவ்வாறே. நடுவிலுள்ள நேர்மப் பரப்பை இவ்விரு ஓரப் பள்ளங்களும் விழுங்கிவிடுவதால் எடை எதிர்மமாகிறது.

இதன் விளைவை 1901-இல் கார்ல் ருங்கே ஆய்ந்த சார்பில் தெளிவாகக் காணலாம். −5 முதல் 5 வரை 1/(1+x²) என்னும் சார்பின் பரப்பு 2.7468. அதன் வளைகோட்டில் முறிவோ கூர்முனையோ இல்லை. ஆயினும் கோட்ஸின் ஒன்பது புள்ளி விதி 1.5005 என்றும், பதினொரு புள்ளி விதி 4.6733 என்றும் விடை தருகின்றன. புள்ளிகள் கூடியும் விடை உண்மையை அணுகவில்லை. ஒருமுறை குறைந்தும் மறுமுறை மிகுந்தும் ஊசலாடுகிறது. அதே பதினொரு உயரங்களை அடுத்தடுத்து நேர்கோடுகளால் இணைத்துச் சரிவகங்களின் பரப்பைக் கூட்டினால் 2.7561 கிடைக்கிறது. தரவு ஒன்றே; பிழை எடைகளில் இருக்கிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. எடைகளின் கூடுதல் எப்போதும் இடைவெளியின் நீளத்துக்குச் சமம். எனவே எல்லா எடைகளும் நேர்மமானால், உயரங்களில் நேரும் சிறு அளவைப் பிழை அந்த நீளத்தின் மடங்குக்கு மேல் வளராது. எதிர்மக் குறிகள் வந்தபின் பெரிய எண்கள் ஒன்றையொன்று அழித்தே அக்கூடுதலை எட்டுகின்றன. பிழைகளோ அவ்வாறு அழிய வேண்டியதில்லை. குறியை நீக்கி எடைகளைக் கூட்டினால், ஒன்பது புள்ளிகளில் நீளத்தின் 1.45 மடங்கும் பதினொன்றில் 3.06 மடங்கும் வருகின்றன. புள்ளிகள் மேலும் கூடக் கூட இம்மடங்கு எல்லையின்றிப் பெருகும். ஒரு விதி நம்பத்தக்கதா என அறிய இவ்வொரு கூட்டலே போதும்.

இக்கூட்டலின் முழுப் பொருளை 1933-இல் ஜார்ஜ் போல்யா நிறுவினார். பல்லுறுப்புக்கோவைகளுக்குச் சரியான விடை தரும் விதிகளின் வரிசை, தொடர்ச்சியான சார்பு ஒவ்வொன்றுக்கும் உண்மை விடையை நோக்கி ஒருங்க வேண்டுமானால், குறி நீக்கிய எடைகளின் கூடுதல் வரம்புக்குள் நிற்க வேண்டும். கோட்ஸின் விதிகள் இத்தேர்வில் தோற்கின்றன. 1814-இல் காஸ் அமைத்த விதிகள் வெல்கின்றன. அவர் புள்ளிகளின் இடங்களையும் தாமே தெரிந்தெடுத்து, அவற்றை ஓரங்களில் நெருக்கமாக வைத்தார். அதனால் விதி இருமடங்குப் படி வரை துல்லியமாகிறது. அப்போது ஒவ்வோர் எடையும் முன்சொன்ன கோவையின் வர்க்கத்தின் பரப்புக்குச் சமமாகிவிடும். வர்க்கத்தின் பரப்பு எதிர்மமாக இயலாது.

உயரங்கள் சம இடைவெளியில்தான் கிடைக்கும் என்னும் நிலையில் காஸின் வழி பயன்படாது. அங்கே படியை உயர்த்தாமல் இடைவெளியைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் சரிவக விதியையோ சிம்ப்சன் விதியையோ இடுவர். அவற்றின் எடைகள் எத்தனை துண்டானாலும் நேர்மமாகவே நிற்கும். கோட்ஸின் அட்டவணையில் 1722-லேயே அச்சாகியிருந்த அந்த எதிர்மக் குறியின் முழுப் பொருள் துலங்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.