டிக் மார்க் போட்டால் சரிபார்த்ததாகிவிடுமா?

அடியேன் படித்தது பி.காம். வேலை வங்கியில். பெங்களூருக்கு மாற்றலாகி வந்தபோது என்னை உட்கார வைத்த இடம் கிளை அல்ல, கணினிப் பிரிவு. நிரல் எழுதுவது எங்கள் வேலையில்லை. எழுதி வருவது வங்கி விதிப்படி கணக்குப் போடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. (ஊரில் அம்மாவுக்கு நான் இன்னமும் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பதாகத்தான் எண்ணம் :-))

மென்பொருள் வரும்போது கூடவே ஒரு அறிக்கை வரும். அதில் பெரிய எழுத்தில் 'கோட் கவரேஜ் 96%' என்றிருக்கும். கூட்டத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் மேலதிகாரிகள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்றால் நம் பள்ளிக்கூட மனதுக்கு அது பெரிய மார்க் அல்லவா?

ஆனால் அந்த எண் சொல்வது வேறு. நிரலை எழுதியவர்கள் அதைச் சோதிக்கச் சின்னச் சின்னச் சோதனை நிரல்களையும் எழுதுகிறார்கள். அந்தச் சோதனைகள் ஓடும்போது மூல நிரலின் நூறு வரிகளில் எத்தனை வரிகள் ஒரு முறையாவது ஓடின என்பதுதான் கவரேஜ். ஓடிய வரி சரியான விடை தந்ததா என்று யாராவது பார்த்தார்களா? அதைப் பற்றி இந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விடையையே பார்க்காத சோதனைகூட கவரேஜ் கணக்கில் முழு மார்க் வாங்கிவிடும்.

பழைய லெட்ஜர் காலத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். மாலையில் அதிகாரி ஒவ்வொரு வவுச்சரையும் லெட்ஜரோடு ஒப்பிட்டு பச்சை மையில் டிக் போட வேண்டும். எல்லா வரியிலும் டிக் இருக்கும். தொகையைப் பார்த்துப் போட்ட டிக்கா, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் போட்ட டிக்கா? மையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க ஒரே வழி, வேண்டுமென்றே ஒரு வவுச்சரில் தொகையை மாற்றி வைத்து, டிக் விழுகிறதா என்று பார்ப்பது.

கணினிக்காரர்கள் இதையேதான் செய்தார்கள். அந்தக் கதைதான் இன்றைக்கு.

எந்த வரிகள் ஓடின என்று எண்ணும் யோசனை பழசு. மில்லர், மலோனி என்ற இருவர் 1963-லேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். எட்டு வருடம் கழித்து, 1971-ல், அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலையில் ரிச்சர்ட் லிப்டன் என்ற மாணவர் ஒரு வகுப்புக் கட்டுரையில் வேறு மாதிரி கேட்டார். நிரலில் நாமே ஒரு சின்னத் தவறைப் புகுத்தினால் நம் சோதனைகள் அதைப் பிடிக்குமா? ஏழு வருடம் கழித்து, 1978 ஏப்ரலில், டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் சேர்ந்து அதை ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் இதழில் முழுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மியூட்டேஷன் டெஸ்டிங் பரவலாகத் தெரியவந்தது அதிலிருந்துதான்.

முறை எளிது. நிரலில் ஓர் இடத்தை மட்டும் மாற்றி ஒரு நகல் எடுக்க வேண்டும். கூட்டலைக் கழித்தலாக்கலாம், 'பெரியது' என்பதைப் 'பெரியது அல்லது சமம்' ஆக்கலாம். இந்த நகலுக்குப் பெயர் மியூட்டன்ட். இருக்கிற சோதனைகளை அதன் மேல் ஓட்ட வேண்டும். ஏதாவது ஒரு சோதனை தோற்றால் மியூட்டன்ட் செத்தது, சோதனைக்கு வெற்றி. எல்லாச் சோதனையும் 'சரி' என்று சொன்னால் மியூட்டன்ட் பிழைத்தது. (தமிழில் பிழைத்தது என்றால் உயிர் தப்பியது என்றும் பொருள், தவறியது என்றும் பொருள். இந்த வசதி ஆங்கிலத்துக்கு இல்லை!)

எனக்குத் தெரிந்த ஒரு விதியை வைத்துச் செய்து பார்க்கிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்குத் தினசரி இருப்பின் மேல் வட்டி போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அதற்கு முன்பு, மாதத்தின் 10-ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. பத்தாம் தேதிக்குள் பணம் கட்ட கவுண்ட்டரில் கூட்டம் முண்டியடித்தது நினைவிருக்கும். அந்த விதி நிரலாக:

```python
def min_balance(bal):
    low = None
    for day, amt in bal:
        if day >= 10:
            if low is None or amt < low:
                low = amt
    return low
```

`bal` என்பது தேதியும் அன்றைய முடிவு இருப்பும் கொண்ட பட்டியல். பத்தாம் தேதி முதல் ஒவ்வொரு நாளாகப் பார்த்து, இதுவரை கண்டதைவிடக் குறைவாக இருந்தால் அதைக் குறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சோதனை: மாதம் முழுக்க இருப்பு 5,000. விடை 5,000 வர வேண்டும். வருகிறது. கவரேஜ் எவ்வளவு? 100%. எல்லா வரியும் ஓடிவிட்டது. அதுமட்டுமல்ல, இரண்டு `if`-களும் ஒரு முறை 'ஆம்' என்றும் ஒரு முறை 'இல்லை' என்றும் போய்விட்டன. கடுமையான கிளைக் கவரேஜ் கேட்டாலும் இந்த ஒற்றைச் சோதனை முழு மார்க் வாங்கும்.

இப்போது மியூட்டன்ட்களை விடுவோம். `day >= 10` என்பதை `day > 10` ஆக்கினால் கணக்கு பதினொன்றாம் தேதி தொடங்கும். விடை அப்போதும் 5,000. பிழைத்தது. 10-ஐ 9 ஆக்கினாலும் 5,000. பிழைத்தது. `amt < low` என்பதை `amt > low` ஆக்குவோம். குறைந்த இருப்புக்குப் பதில் அதிக இருப்புக்கு வட்டி தரும் வங்கி! வாடிக்கையாளர்கள் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள். அதற்கும் விடை 5,000. பிழைத்தது. மூன்றில் ஒன்றைக்கூட அந்த 100% சோதனை பிடிக்கவில்லை.

சோதனையை மாற்றுவோம். 1 முதல் 9 வரை இருப்பு 500. பத்தாம் தேதி 2,000. 11 முதல் 19 வரை 5,000. 20 முதல் மாதக் கடைசி வரை 3,000. சரியான விடை 2,000. இப்போது `> 10` மியூட்டன்ட் 3,000 என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். 9 ஆக்கியது 500 என்று சொல்லும். குறியைத் திருப்பியது 5,000 என்று சொல்லும். மூன்றும் காலி.

முடிந்ததா என்றால் இல்லை. `amt < low` என்ற பகுதியையே எடுத்துவிட்டு, முதல் நாள் இருப்பை மட்டும் குறித்துக்கொள்ளும் மியூட்டன்ட் ஒன்றைச் செய்து பாருங்கள். பத்தாம் தேதியிலேயே குறைந்த இருப்பு இருப்பதால் அதுவும் 2,000 என்றே சொல்லித் தப்பிக்கும். ஆகவே இன்னொரு சோதனை வேண்டும்: பத்தாம் தேதி 5,000, கடைசி நாள் 1,000, விடை 1,000. அதில் இதுவும் சாகும். பிழைத்த மியூட்டன்ட் ஒவ்வொன்றும் எந்தச் சோதனை இல்லை என்று இப்படிக் கையைப் பிடித்துக் காட்டுகிறது. கவரேஜ் எண்ணால் முடியாதது இதுதான்.

பணக் கணக்கும் பார்த்துவிடலாம் (வங்கிக்காரன் விடுவானா). 2,000-க்குப் பதில் 3,000-க்கு வட்டி போனால், அன்றைய 3.5 சதவீதத்தில் ஒரு மாதத்துக்கு ஒரு கணக்குக்கு 2 ரூபாய் 92 காசு. ஒருவரும் புகார் செய்ய மாட்டார்கள். அப்படி ஒரு லட்சம் கணக்குகள் இருந்தால் மாதம் 2.92 லட்சம்.

இவ்வளவு நல்ல யோசனை ஏன் முப்பது வருடம் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தது? செலவு. முப்பது வரி அளவுள்ள ஃபோர்ட்ரான் நிரலுக்கே ஆயிரத்தை ஒட்டி மியூட்டன்ட்கள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் சோதனைகளை ஓட்ட வேண்டும். 1980-களில் ஜார்ஜியா டெக்கில் செய்த மோத்ரா என்ற கருவி 22 வகை மாற்றங்களைப் புகுத்தியது. 1989-ல் பர்டூ பல்கலையில் சி மொழிக்குப் பட்டியல் போட்டபோது அது 77 வகையானது.

இங்கே நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். பிலானி பிட்ஸில் படித்து, பின்னர் பர்டூவில் பேராசிரியரான ஆதித்ய மாத்தூர். அந்த 77 வகைப் பட்டியலைத் தயாரித்தவர்களில் அவரும் ஒருவர். 1991-ல் அவர் சொன்னது: மிக அதிகமாக மியூட்டன்ட்களைப் பெற்றுப்போடும் இரண்டு வகைகளை விட்டுவிட்டால் என்ன? இந்த இழையைப் பிடித்துக்கொண்டு ஜெஃப் ஆஃபட் குழுவினர் 1996-ல் 22 வகையில் 5 போதும் என்று காட்டினார்கள். அந்த ஐந்தின் மியூட்டன்ட்களை எல்லாம் கொல்லும் சோதனைகள், மொத்த மியூட்டன்ட்களிலும் சராசரியாக 99.5 சதவீதத்தைக் கொன்றன. நம் விதியில் செய்த `>=`, `>` மாற்றம் அந்த ஐந்தில் ஒன்று. கணினிகளும் வேகமாகின. இன்றைக்கு ஜாவாவுக்கு பிட், பைதானுக்கு மட்மட் என்று இலவசக் கருவிகளே உண்டு. கூகுளில் நிரல் முழுவதையும் குடைவதில்லை, புதிதாக மாற்றிய வரிகளில் மட்டும் மியூட்டன்ட் விட்டுப் பார்க்கிறார்கள் என்று அவர்களே 2018-ல் எழுதியிருக்கிறார்கள்.

ஆணி பிடுங்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நூறு சதவீதம் மியூட்டன்ட் சாகணும்னு ஒப்பந்தத்துல போட்டுடுங்க சார்" என்று சிரித்தார். போட முடியாது. மேலே உள்ள நிரலில் `amt < low` என்பதை `amt <= low` ஆக்கிப் பாருங்கள். சமமாக இருக்கும்போது 2,000-க்குப் பதில் அதே 2,000-ஐ எழுதும். எந்தச் சோதனையாலும் அதைக் கொல்ல முடியாது, ஏனென்றால் அது தவறே அல்ல. இப்படிப்பட்டவற்றைச் சமான மியூட்டன்ட் என்கிறார்கள். எல்லா நிரலுக்கும் இவற்றைத் தானாகப் பிரித்தெடுக்கும் வழி இருக்கவே முடியாது என்பதும் கோட்பாட்டளவில் நிரூபிக்கப்பட்ட விஷயம். ஆள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். எண்ணை இலக்காக வைத்தால் அந்த எண்ணும் கவரேஜ் வழியிலேயே போய்விடும் என்பது என் கட்சி. பிழைத்தவற்றின் பட்டியலைக் கேளுங்கள், சதவீதத்தைக் கேட்காதீர்கள் என்றுதான் எங்கள் கூட்டங்களில் சொல்லி வருகிறேன்.

இன்னொரு வரம்பும் உண்டு. 2014-ல் ஒரு குழு, ஐந்து திறந்த மூல மென்பொருள்களில் உண்மையாகவே நடந்த 357 பிழைகளை எடுத்து, வழக்கமான மியூட்டன்ட்களோடு பொருத்திப் பார்த்தது. 73 சதவீதப் பிழைகளுக்கு இணை கிடைத்தது. மீதிக்குக் கிடைக்கவில்லை. எழுதாமல் விட்ட நிரலும் மியூட்டன்ட்டுக்கு எட்டாது. நம் உதாரணத்திலேயே, பன்னிரண்டாம் தேதி திறந்த கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பத்தும் பதினொன்றும் இருக்காது. விதிப்படி அந்த நாட்களின் இருப்பு பூஜ்யமா, அல்லது திறந்த நாளிலிருந்து பார்க்க வேண்டுமா? நிரல் சத்தமில்லாமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வரியும் அங்கே இல்லை. வரி இல்லாத இடத்தில் மியூட்டன்ட் விட முடியாது. அந்தக் கேள்வியை விதிப்புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பி.காம். காரன்தான் கேட்டாக வேண்டும்.