நீ, நீர், நீங்க

தென்காசி வட்டாரத்தில் எதிரே நிற்கிற ஒருவரைச் சொல்ல மூன்று சொல் உண்டு: நீ, நீர், நீங்க. 'வா' கீழ்ப்படி, 'வாரும்' நடுப்படி, 'வாங்க' மேல்படி. வயசு பார்த்துத்தான் படி என்பார்கள். சேரிக்கு வந்தால் அந்த வயசு செல்லாது. அறுபது வயசுத் தாத்தாவை ஊர்த்தெருப் பொடியன் 'ஏலே' என்பான். தாத்தா 'வாங்கய்யா' என்கணும்.

இது ஆதியிலிருந்தே இருந்ததா? புறநானூற்றுப் புலவர்கள் வேந்தனையே 'நீ' என்றுதான் விளித்தார்கள். 'நீர்' அன்று பலருக்கான பன்மை. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறியல்ல என்று தொல்காப்பியர் பிரித்துக் காட்டுகிறார். பிறகு 'நீர்' ஒருவருக்கான நடு மரியாதையாக இறங்கியது. அதற்கு மேலே 'நீங்கள்' போய் உட்கார்ந்தது. ஆக 'நீ' இழிசொல்லாகப் பிறக்கவில்லை. ஒருத்தன் சொல்லலாம், மற்றவன் திருப்பிச் சொல்லக் கூடாது என்றானபோதுதான் அது இழிசொல் ஆனது. தென்காசிக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரத்து மக்கள் 1981 பிப்ரவரி 19-இல் இஸ்லாத்துக்கு மாறியபோது கேட்டதும் இந்த மரியாதையைத்தான்.

இன்று ஏணி கைப்பேசிக்குள் இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் காலம். மேற்பார்வையாளர் ஒருவர் ஐந்தருவி வேலைக்கு மூன்று பேருக்குச் செய்தி அனுப்புகிறார் என்று வையுங்கள். மேலதிகாரிக்கு, 'தாங்கள் வர வேண்டுகிறேன்'. சக ஊழியருக்கு, '6 மணிக்கு வந்துருங்க அண்ணாச்சி'. தன்னைவிட இருபது வயசு மூத்த துப்புரவுத் தொழிலாளிக்கு, '6 மணிக்கு வந்துரு'. யாராவது கேட்டுவிட்டால் அடுத்த நாள் 'வரவும்' என்று மாற்றுவார். எல்லாருக்கும் 'வரவும்' என்றால் குற்றமில்லை. இவருக்கு மட்டும் என்றால், 'வாங்க' சொல்ல வாய் வராமல் ஒளிந்துகொள்கிற இடம் அது. குழுவுக்குப் போடும் 'எல்லாரும் வாங்க'வை வைத்து எதையும் சொல்ல முடியாது. அது வெறும் எண்ணிக்கைப் பன்மை. தனி ஆளுக்குப் போகிற செய்தியைத்தான் பார்க்கணும்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'அண்ணாச்சி, நாளைக் காலையில 6 மணிக்கு ஐந்தருவிக்கு வந்துருங்க. முடியலேன்னா சொல்லுங்க.' நேற்றுச் சேர்ந்த இருபது வயசுப் பையனுக்கும் 'வாங்க'தான். வேலை ஏவுகிறவரை அவன் திருப்பி 'நீ' என்க முடியாதே. சமமானவர்கள் ஒருவரையொருவர் 'நீ' என்றால் அது சிநேகம். அதில் யாரும் தலையிட வேண்டாம்.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப்பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் தண்டிக்கும். 'வந்துரு'வில் சாதிப் பெயர் இல்லை. அதை மட்டும் காட்டி வழக்கை நிறுத்துவது கஷ்டம். ஆனால் அதே ஆள், அதே நாளில், அதே வேலைக்கு மற்ற இரண்டு பேருக்கும் அனுப்பியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் தெரியாத சாதி, மூன்றையும் சேர்த்து வைத்தால் தெரியும். அந்தச் செய்திகளை யாரும் அழித்துவிட வேண்டாம்.