திரும்பி ஓடி வரும் விடை

ரேஷன் கடை வரிசையில் நிற்கிறீர்கள். வரிசை தெருமுனையில் வளைந்து போவதால் முன்பக்கம் தெரியவில்லை. நீங்கள் எத்தனையாவது ஆள்? விலகிப் போய் எண்ணினால் இடம் பறிபோகும். அதனால் முன்னால் நிற்பவரிடம், "அண்ணே, நீங்க எத்தனையாவது?" என்று கேட்கிறீர்கள். அவருக்கும் தெரியாது. அவர் தனக்கு முன்னால் இருப்பவரிடம் அதே கேள்வியைக் கேட்கிறார். கேள்வி இப்படியே நகர்ந்து கடை வாசலில் நிற்பவரிடம் போய்ச் சேர்கிறது. அவர் ஒருவர்தான் யாரையும் கேட்க வேண்டாதவர். "நான்தான் ஒண்ணாவது" என்கிறார். அடுத்தவர் அதோடு ஒன்றைக் கூட்டி "ரெண்டு" என்கிறார், அவருக்குப் பின்னால் நிற்பவர் "மூணு". இப்படி விடை உங்களிடம் வந்து சேர்கிறது.

நிரல் எழுதக் கற்பவர்களை மிரட்டும் ரிக்கர்ஷன் என்ற சொல்லுக்குள் இருப்பது இவ்வளவுதான். செல்வி, ராஜா, தேவி மூவரும் வரிசையில் நின்றால் பைத்தானில் அது இப்படி இருக்கும்:

```python
munnaal = {"தேவி": "ராஜா", "ராஜா": "செல்வி", "செல்வி": None}

def idam(aal):
    if munnaal[aal] is None:
        return 1
    return idam(munnaal[aal]) + 1

print(idam("தேவி"))
```

திரையில் 3 என்று வரும். `idam` என்ற செயற்கூறு தன் வேலையை முடிக்கத் தன்னையே கூப்பிடுகிறது. தமிழில் இதைத் தற்சுழற்சி என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் முழு நிறைவு இல்லை. செக்கு மாடுதான் சுழலும். இங்கே நடப்பது போய்த் திரும்புவது. லத்தீன் மூலச்சொல் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது: ரெகுர்ரெரெ என்றால் திரும்பி ஓடுதல்.

சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த எண்ணம் நடமாடியது. வடமொழி யாப்பு இலக்கணக்காரர்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்றால், நான்கு மாத்திரை அளவுள்ள அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? கடைசி எழுத்து குறிலானால் மிச்சம் மூன்று மாத்திரை. நெடிலானால் மிச்சம் இரண்டு. ஆகவே மூன்றின் விடையையும் இரண்டின் விடையையும் கூட்டினால் போதும்: மூன்றும் இரண்டும் ஐந்து. அவர்களில் ஒருவரான விரகாங்கர் இந்த விதியை அறிந்திருந்தார். 12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் இதைத் தெளிவாகச் சொன்னார். பெரிய கேள்வியைக் கேட்டால், அதே வகைச் சிறிய கேள்விகளிடம் அது உங்களை அனுப்பிவைக்கிறது.

1202-இல் அதே எண்வரிசை இத்தாலியில் முயல்களின் வடிவில் வந்தது. பைசா நகரத்து லியோனார்டோவின் தந்தை வட ஆப்பிரிக்கத் துறைமுகமான பூஜியாவில் வணிகர்களுக்காகப் பணியாற்றியவர். மகன் இந்திய எண்களை அங்கேதான் கற்றான். அவன் எழுதிய கணக்குப் புத்தகத்தில் மாதந்தோறும் பெருகும் முயல் ஜோடிகள் பற்றிய கேள்வி ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அவனுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ஃபிபொனாச்சி. எண்வரிசையும் அந்தப் பெயரிலேயே உலகம் சுற்றியது. யாப்புக்காரர்களின் பெயர் பின்தங்கிவிட்டது.

நூற்றாண்டுகள் கழித்து, எண் என்றால் என்ன என்பதையே இந்த வழியில் விளக்க முடியுமா என்று கணித அறிஞர்கள் பார்த்தார்கள். ஜெர்மனியின் டெடெகிண்ட் 1888-இல் அதைச் செய்தார். 1931-இல் வியன்னாவில் குர்ட் கெடல் தன் புகழ்பெற்ற கட்டுரையில், இப்படி வரையறுக்கப்படும் சார்புகளை 'ரெகுர்சிவ்' என்ற ஜெர்மன் சொல்லால் குறித்தார். ஹங்கேரியின் ரோஜா பீட்டர் இதையே தன் ஆய்வுத் துறையாக்கி, 1951-இல் தனி நூலே வெளியிட்டார். இதற்கிடையில் அந்தச் சொல் அமெரிக்காவுக்கும் கடல் கடந்திருந்தது. 1960-இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை அறிமுகப்படுத்திய கட்டுரையின் தலைப்பிலேயே அது இடம்பிடித்தது.

காகிதத்தில் சுலபமாக இருந்தது இயந்திரத்தில் முரண்டுபிடித்தது. ரேஷன் வரிசையில் பல ஆட்கள் நிற்கிறார்கள். கணினியிலோ `idam` ஒரே ஆள். தேவியாகவும் ராஜாவாகவும் செல்வியாகவும் அவரே நிற்க வேண்டும். அவரிடம் ஒரே ஒரு துண்டுச்சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'தேவி காத்திருக்கிறாள்' என்று அதில் எழுதுகிறார். அடுத்து ராஜாவின் முறை. அதே சீட்டில் தேவியை அழித்துவிட்டு ராஜாவை எழுதுகிறார். விடை திரும்பி வரும்போது தேவி யாருக்கும் நினைவில் இல்லை. ஃபோர்ட்ரான் மொழியில் இப்படித்தான் இருந்தது: ஒவ்வொரு துணைநிரலுக்கும் நினைவகத்தில் ஒரே நிலையான இடம். ஒரு வேலை முடியுமுன் அதே துணைநிரலை மறுபடி கூப்பிட்டால், எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்பு அழிந்துபோகும்.

1960 ஜனவரியில் அமெரிக்கரும் ஐரோப்பியருமாகப் பாரிஸில் கூடி, அல்கால் 60 என்ற மொழியை முடிவு செய்தார்கள். ரிக்கர்ஷனுக்கென ஒரு சொல்லைச் சேர்க்கும் முன்மொழிவு அங்கே வாக்கெடுப்பில் தோற்றது. அடுத்த மாதம், அறிக்கையின் பதிப்பாசிரியரான டென்மார்க்கின் பீட்டர் நவுருக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து தொலைபேசி அழைப்பு. ஆட்ரியான் வான் வெய்ங்கார்டனும் இளைஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவும் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னார்கள்: செயற்கூறின் உடலுக்குள் அதன் பெயர் வந்தால், அது அந்தச் செயற்கூறையே இயக்குவதாகும். நவுர் சேர்த்துவிட்டார். பாரிஸ் கூட்டத்தில் இருந்த மியூனிக்கின் பவர் பின்னாளில் இதை 'ஆம்ஸ்டர்டாம் சதி' என்றே குறிப்பிட்டார். இத்தனைக்கும் இதற்குத் தேவையான கருவி அவர் கையிலேயே இருந்தது. அவரும் சாமெல்சனும் 1957-இலேயே, கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் நினைவக முறைக்கு 'நிலவறை' என்ற பெயரில் காப்புரிமை கோரியிருந்தார்கள். ஆனால் அவர்கள் அதைக் கணக்குச் சூத்திரங்களுக்காக வகுத்திருந்தார்கள்.

இன்று நாம் ஸ்டாக் என்பது அதுதான். டைக்ஸ்ட்ரா அதைச் செயற்கூறு அழைப்புகளுக்குப் பயன்படுத்தினார். ஒவ்வொரு அழைப்புக்கும் புதுச் சீட்டு; பழைய சீட்டை அழிக்காமல் அதன்மேல் வைக்க வேண்டும். தேவியின் சீட்டு அடியில், அதன்மேல் ராஜா, உச்சியில் செல்வி. செல்வி 1 என்றதும் உச்சிச் சீட்டு போகிறது. ராஜா 2, தேவி 3. 1960 ஆகஸ்டுக்குள் அவரும் அவருடைய சகா சோனெவெல்டும் இதைச் செய்யும் அல்கால் கம்பைலரை இயக்கிக் காட்டிவிட்டார்கள்.

அந்த ஒற்றை வாக்கியத்தின் பலன் அடுத்த ஆண்டே தெரிந்தது. டோனி ஹோர் மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது ஒரு வரிசைப்படுத்தும் முறையை யோசித்து வைத்திருந்தார்: ஓர் எண்ணைத் தேர்ந்து, சிறியவற்றை ஒருபுறமும் பெரியவற்றை மறுபுறமும் தள்ளி, இரண்டு பக்கத்திலும் அதையே மறுபடி செய்வது. அதை விளக்கி எழுதுவதுதான் சிக்கலாக இருந்தது. 1961-இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த அல்கால் வகுப்பில் ரிக்கர்ஷனைக் கற்றார். குவிக்சார்ட் அழகான சிறு நிரலாகிவிட்டது. ஃபோர்ட்ரானோ தன் தர வரையறையில் இதை ஏற்க ஃபோர்ட்ரான் 90 வரை காத்திருந்தது.

சீட்டு அடுக்குக்கும் உயர வரம்பு உண்டு. பைத்தான் வழக்கமாக ஆயிரம் அழைப்புகள் வரைதான் அடுக்கவிடும். மேலே உள்ள நிரலில் செல்வியின் `None` என்பதை அழித்துவிட்டு `"தேவி"` என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். மூவரும் ஒருவருக்கொருவர் முன்னால் நிற்பதாகிவிடும். முதல் ஆளே இல்லாத வரிசை அது. `RecursionError` என்று திரை சொல்லும்போது, திரும்பி வர விடை கிடைக்காமல் ஆயிரம் சீட்டுகள் காத்துக் கிடக்கின்றன என்று புரிந்துகொள்ளுங்கள்.