இரண்டாம் தாளை எழுதுவது யார்? கொள்முதல் பில் சரிபார்ப்பின் வரலாறு பற்றி ஓர் ஆய்வு

சப்ளையர் கூடுதலாகப் போட்ட பில்லைப் பிடிக்கக் கணக்குப் பிரிவு மூன்று தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கிறது. ஒன்று நாம் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர், இன்னொன்று சரக்கோடு வரும் டெலிவரி சலான், மூன்றாவது பில். மூன்றிலும் அளவும் விலையும் ஒத்துப்போனால் பணம் போகும். பெரிய நிறுவனங்களில் இது எழுதப்பட்ட விதி. பத்திருபது பேர் வேலை செய்யும் பட்டறையிலும் பெயரில்லாத ஒரு வழக்கமாக இது உண்டு.

ஆனால் இந்த மூன்றில் இரண்டு தாள்கள் சப்ளையர் எழுதியவை. சலானும் பில்லும் பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒரே பதிவை வைத்து அச்சாகின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்துவது எதையும் நிரூபிப்பதில்லை. வாங்குபவர் தன் கையால் எண்ணி, எடைபோட்டு எழுதும் வரவுப் பதிவு நடுவில் இருந்தால்தான் இது மூன்று தாள் ஒப்பீடு. இல்லையென்றால் சப்ளையரின் சொல்லைச் சப்ளையரின் சொல்லோடு ஒப்பிடுவதுதான் நடக்கிறது. இந்த முறையின் வரலாற்றை அந்த நடுத்தாளை எழுதியது யார் என்ற கேள்வியோடு படித்தால்தான் அது விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தை ஒட்டி இந்தியாவில் 1930இல் சரக்கு விற்பனைச் சட்டம் வந்தது. அதன் 37ஆம் பிரிவு நேரடியானது: பேசியதைவிடக் குறைவாகச் சரக்கு வந்தால் வாங்குபவர் அதை மறுக்கலாம், ஏற்றுக்கொண்டால் ஏற்றுக்கொண்ட அளவுக்கு, பேசிய விலையில் பணம் தர வேண்டும். 41ஆம் பிரிவு சரக்கைச் சோதித்துப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. பேசிய விலைக்குச் சாட்சி ஆர்டர், வந்த அளவுக்குச் சாட்சி வரவுப் பதிவு. பில் ஒரு கோரிக்கை மட்டுமே. கணக்கர்கள் பின்னால் உருவாக்கிய நடைமுறை இந்தச் சட்ட நிலையைத் தாளில் கொண்டுவந்ததுதான்.

அதற்குத் தாள்கள் பெருக வேண்டியிருந்தது. ரால்ஃப் வெட்ஜ்வுட் கார்பன் தாளுக்குக் காப்புரிமை பெற்றது 1806இல். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தட்டச்சுப்பொறி அலுவலகங்களுக்குள் வந்த பிறகுதான் ஒரே அடியில் நான்கைந்து படிகள் எடுப்பது வழக்கமானது. ஆர்டரின் ஒரு படி சப்ளையருக்கு, ஒன்று கணக்குப் பிரிவுக்கு, ஒன்று சரக்கு இறங்கும் இடத்துக்கு. இந்தக் கடைசிப் படியில் ஒரு நுட்பம் சேர்ந்தது: அளவு எழுதும் கட்டத்துக்கு நேரே கார்பன் பதியாதபடி செய்துவிடுவார்கள், அல்லது அந்த இடத்தைக் கறுப்புக் கோடுகளால் மறைத்து அச்சிடுவார்கள். ஸ்டோர்காரருக்கு என்ன பொருள் வருகிறது என்பது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. தெரியாததால் எண்ணித்தான் ஆக வேண்டும். தணிக்கையாளர்கள் இதைக் கண்கட்டு எண்ணிக்கை என்ற பொருள்படும் பெயரில் அழைத்தார்கள். மூன்று தாள் ஒப்பீட்டில் உண்மையான கண்டுபிடிப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இந்த வெற்றுக் கட்டத்தைத்தான் சொல்வேன்.

அப்படி நேரில் எண்ணும் ஆள் இல்லாமல் போனால் என்னவாகும் என்பதை 1938இல் அமெரிக்காவின் மெக்கெசன் அண்டு ராபின்ஸ் மருந்து நிறுவனம் காட்டியது. எஃப். டொனால்ட் காஸ்டர் என்ற பெயரில் அதன் தலைவராக இருந்தவர் உண்மையில் பழைய மோசடிக் குற்றவாளியான பிலிப் மியூசிகா. அவருடைய தம்பிமார் வேறு பெயர்களில் நிறுவனத்தின் உள்ளேயும் வெளியேயும் இருந்தார்கள். கனடாவில் மருந்து மூலப்பொருள் வாங்கியதாக ஆர்டர், வரவு, பில் எல்லாம் இருந்தன. எல்லாம் பொருந்தவும் செய்தன. சரக்கும் இல்லை, கிடங்கும் இல்லை. சுமார் 87 மில்லியன் டாலர் சொத்துக் கணக்கில் 19 மில்லியன் அளவுக்குக் கற்பனை. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தணிக்கையாளர்கள் தாள்களைப் பார்த்தார்கள், சரக்கைப் பார்க்கவில்லை. அன்றைய நடைமுறை அதைக் கட்டாயமாக்கவும் இல்லை. 1939இல் அமெரிக்கக் கணக்கர் கழகம் சரக்கிருப்பு எண்ணப்படும்போது தணிக்கையாளர் நேரில் இருக்க வேண்டும் என்று நடைமுறையை மாற்றியது. ஒரே குடும்பம் மூன்று தாள்களையும் எழுதினால் பொருத்தம் பார்ப்பதில் பயனில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

அடுத்த திருப்பம் 1980களில், ஃபோர்டு கார் நிறுவனத்தில். 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் மைக்கேல் ஹேமர் எழுதிய கட்டுரையால் இது பரவலாகத் தெரியவந்தது. ஃபோர்டின் வட அமெரிக்கப் பிரிவில் சப்ளையர் பில்களைக் கவனிக்க மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். மாஸ்டாவில் 5 பேர். ஃபோர்டு ஊழியர்கள் மூன்று தாள்களுக்கிடையே 14 விவரங்களை ஒப்பிட்டார்கள். அவர்களுடைய நேரத்தில் பெரும்பகுதி பொருந்தாதவற்றின் பின்னால் அலைவதில் போனது. புதிய ஏற்பாட்டில் ஆர்டர் கம்ப்யூட்டரில் ஏறியது. சரக்கு இறங்குமிடத்தில் இருப்பவர் திரையில் ஆர்டரைப் பார்த்து, நிலுவையில் இருந்தால் ஏற்பார். இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புவார். பாகத்தின் எண், அளவின் அலகு, சப்ளையர் குறியீடு என மூன்று விவரங்கள் பொருந்தினால் போதும், பணம் போகும். சப்ளையர் பில் அனுப்பவே வேண்டாம். ஆட்கள் முக்கால் பங்கு குறைந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆள்குறைப்போடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கூடுதல் பில்லைப் பிடிக்க ஃபோர்டு பில்லையே தூக்கிப் போட்டது. விலை ஆர்டரிலிருந்தும் அளவு வாசலிலிருந்தும் வந்தன. முடிவெடுக்கும் இடம் கணக்கு மேசையிலிருந்து சரக்கு இறங்கும் மேடைக்கு நகர்ந்தது. அதே சமயம் திரையில் ஆர்டர் அளவும் கண்ணுக்குத் தெரிந்தால் பழைய வெற்றுக் கட்டம் காணாமல் போகும். எண்ணாமலே அதே எண்ணைத் தட்டிவிடும் வசதி கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தது.

இந்தியச் சிறு நிறுவனத்தின் நிலையை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் பட்டறை மோட்டார் சுற்ற எனாமல் செப்புக் கம்பி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர்: 200 கிலோ, கிலோ 900 ரூபாய், பட்டறை வாசல்வரை கொண்டுவந்து தர வேண்டும். சலானில் 20 ஸ்பூல், 200 கிலோ. பில்லில் 200 கிலோ, விலை 915, வண்டி வாடகை 1,500. வரியில்லாமல் 1,84,500, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,17,710 ரூபாய்.

சலானையும் பில்லையும் மட்டும் பார்த்தால் எடை சரி. ஸ்டோர்காரர் ஸ்பூல்களைத் தராசில் வைத்தாலும் 200 கிலோதான் காட்டும். ஆனால் அது ஸ்பூலோடு சேர்ந்த எடை. ஒரு காலி ஸ்பூலை நிறுத்தால் அரைக் கிலோ. 20 ஸ்பூலுக்கு 10 கிலோ போக, வந்த கம்பி 190 கிலோ. 10 கிலோ பிளாஸ்டிக்குக்குச் செம்பு விலை 9,000 ரூபாய். செம்பு ஏறிவிட்டது என்று கூட்டிய 15 ரூபாய், 200 கிலோவுக்கு 3,000. வாடகை 1,500. மொத்தம் 13,500 கூடுதல், வரியோடு 15,930. தர வேண்டியது 190 கிலோவுக்கு, 900 விலையில், வரியோடு 2,01,780.

மூன்று தவறுகளையும் இரண்டு வெவ்வேறு தாள்கள் பிடிக்கின்றன. விலையையும் வாடகையையும் ஆர்டர் பிடித்தது; அதற்கு ஆர்டரில் விலை மட்டுமல்ல, வாடகை யார் பொறுப்பு என்பதும் எழுதியிருக்க வேண்டும். போனில் சொல்லி வாங்கும் பட்டறையில் இந்த 4,500 கண்ணிலேயே படாது. எடையைப் பிடித்தது வரவுப் பதிவு. அதிலும் ‘200 கிலோ’ என்று எழுதாமல், மொத்த எடை, ஸ்பூல் எடை, நிகர எடை என மூன்று கட்டங்களில் எழுதியதால்தான்.

பிடித்த பிறகு பில்லில் பேனாவால் திருத்திக் குறைத்துக் கொடுப்பது சிலர் வழக்கம். ஜிஎஸ்டியில் அது செல்லாது. வரி குறைய வேண்டுமானால் 34ஆம் பிரிவின்படி சப்ளையர் கிரெடிட் நோட் தர வேண்டும். நாம் போடும் டெபிட் நோட் நம் புத்தகத்துக்கு மட்டும்தான். வராத சரக்குக்கு உள்ளீட்டு வரி எடுக்கவும் முடியாது: 16(2)(பி) பிரிவு சரக்கு கைக்கு வந்திருக்க வேண்டும் என்கிறது. 1930 சட்டம் உரிமையாகத் தந்ததை 2017 சட்டம் நிபந்தனையாக்கிவிட்டது.

சிறு நிறுவனங்களின் கணக்கு டேலியில்தான் பெரும்பாலும் நடக்கிறது. ஆர்டருக்கும் வரவுக்கும் பில்லுக்கும் அதில் தனித்தனி வவுச்சர்கள் உண்டு. வரவு வவுச்சரில் கொடுக்கும் ட்ராக்கிங் நம்பரைப் பில் பதியும்போது தேர்ந்தெடுத்தால் இரண்டும் இணையும். ஒரே சலானுக்கு இரண்டாம் பில் வந்தால் இணைக்க ஏதும் மிஞ்சாது. ஆனால் பல இடங்களில் நேராகப் பர்ச்சேஸ் வவுச்சர்தான் போடுகிறார்கள். அதாவது பில்லைப் பார்த்தே சரக்கு வரவும் ஏறுகிறது. மூன்று தாள் ஒரு தாளாகச் சுருங்கிவிடுகிறது.

ஜிஎஸ்டி வந்த பிறகு இன்னொரு குழப்பம் சேர்ந்தது. 2020இலிருந்து மாதந்தோறும் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு பில்களை ஒத்துப்பார்ப்பதில் அக்கவுண்டன்ட் மும்முரமாக இருக்கிறார். வரிக் கணக்குக்கு அது அவசியம்தான். ஆனால் அந்தப் பட்டியல் சப்ளையர் தாக்கல் செய்த விவரத்திலிருந்து வருவது. நம் கம்பிப் பில் அதில் 1,84,500 என்றே இருக்கும், கனகச்சிதமாகப் பொருந்தும். ஸ்பூல் எடை பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஆள் குறைந்த பட்டறையில் மூன்று வேலையை மூன்று பேருக்குப் பிரிக்க முடியாது என்பது நியாயமான மறுப்பு. இரண்டு பேர் போதும்: ஆர்டர் போடுபவரும் பணம் கொடுப்பவரும் முதலாளியாக இருக்கலாம், சரக்கு எடை எழுதுபவர் மட்டும் வேறாக இருக்க வேண்டும். எழுதுபவர் சப்ளையரின் ஆளோடு கூட்டுச் சேர்ந்தால் இம்முறை தோற்கும். அவ்வப்போது முன்னறிவிப்பின்றி மறு எடை போடுவதுதான் அதற்கு வழி. மராமத்து, ஜாப் ஒர்க் போன்ற சேவைகளுக்கு எடைபோட ஒன்றும் இல்லாததால் அங்கே வேலை முடிந்ததாக மேற்பார்வையாளர் எழுதும் குறிப்பு நடுத்தாளாகிறது. அது எப்போதும் பலவீனமான சாட்சி.

முறை செத்துவிட்டதா என்று பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஆர்டரின் தேதி: பில் தேதிக்குப் பின்னால் ஆர்டர் தேதி இருந்தால் ஆர்டர் பில்லைப் பார்த்து எழுதப்பட்டது. மற்றொன்று இன்வர்டு ரிஜிஸ்டர். எடைபோட்டு வாங்கும் பொருளில் தராசுக்குத் தராசு சில நூறு கிராமாவது மாறும். ஒரு வருடப் பதிவு முழுவதும் சலானோடு கிராம் பிசகாமல் ஒத்துப்போனால் அங்கே யாரும் தராசைத் தொடவில்லை.