கூடும், சுட்டுகிறது, நிறுவுகிறது

'கூடு' என்ற வினைக்கு ஒன்றுசேர்தல் என்றும் இயலுதல் என்றும் பொருள் உண்டு. 'சுட்டு' என்பது விரல் நீட்டித் திசை காட்டுவது. 'நிறுவு' என்பது 'நில்' என்பதோடு உறவுடைய சொல்; நிற்கச் செய்தல் அதன் பொருள். முன் ஆய்வுகளைத் தொகுத்து எழுதும்போது, சான்றின் வலுவுக்கேற்ப இம்மூன்றில் ஒன்றைத் தேர்கிறோம்.

பீட்டா கரோட்டினை எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் அது செல்களைக் காக்கும் தன்மை காட்டியது. அந்த அளவில் 'புற்றுநோயைத் தடுக்கக்கூடும்' என்று மட்டுமே எழுதலாம். பின்னர், பீட்டா கரோட்டின் மிகுந்த காய்கனிகளை உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பல கண்காணிப்பு ஆய்வுகள் கண்டன. இங்கே 'தொடர்பைச் சுட்டுகின்றன' என்பதே சரி. காய்கனி உண்போர் குறைவாகப் புகைப்பவர்களாகவும் இருக்கலாம் அல்லவா? 'தடுக்கிறது' என்று எழுதுவது சான்றைத் தாண்டிய பேச்சு.

1994இல் பின்லாந்தில், புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடந்த சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனையின் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். 1996இல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையின் முடிவும் அதே திசையில் வந்ததால், 'தீங்கை நிறுவுகின்றன' எனலாம். ஆனால் 'புகைப்போரிடம்', 'மாத்திரையாக' என்ற வரம்புகள் அவ்வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். கேரட் உண்பதைப் பற்றி அச்சோதனைகள் எதையும் நிறுவவில்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. இவ்வளவு சான்றுக்குப் பின்னும் 'தீங்கு விளைவிக்கக்கூடும் எனச் சுட்டலாம்' என்று எழுதினால், வலுவான முடிவு வெறும் ஊகமாகத் தேய்ந்துவிடும்.